சொட்டுச்சொட்டுக்குப் பயந்த புலி: ஒரு ராத்திரிக் கதை ஆங்கிலத்துக்குப் போன விதம்

பின்னணி

கதை சொன்னவர் எழுபதைக் கடந்த ஒரு பாட்டி. ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். மகள் இங்கிலாந்தில். மகளின் குழந்தைக்கு ஐந்து வயது. தமிழில் பேசினால் பாதி புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். குழந்தையின் அப்பாவுக்குத் தமிழ் அறவே தெரியாது.

தினமும் வீடியோ அழைப்பில் அம்மாயி கதை சொல்வது வழக்கம். ஆனால் அங்கே குழந்தை தூங்கும் நேரம் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். பாட்டிக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதனால் கதையைப் பதிவு செய்து, ஆங்கிலத்தில் எழுதி, படத்தோடு ஒரு சிறு புத்தகமாக வீட்டிலேயே அச்சடித்துக்கொள்வது என்று மகள் முடிவு செய்தார். முதல் வரைவை அவரே எழுதினார். "அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா குழந்தை சிரிக்கவே மாட்டேங்குறா" என்று என்னிடம் அனுப்பினார். நான் சிறுவர் நூல்களை மொழிபெயர்ப்பவள், குடும்பத்துக்குப் பழக்கமானவள். அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

கதை

இந்தியாவில் பல மொழிகளில் வழங்கும் நாட்டுப்புறக் கதைதான். பாட்டி சொல்வது மலைக்காட்டு வடிவம். அடைமழை. தகரக் கூரை ஒழுகுகிறது. ஒரு கிழவி பாயை இந்த மூலைக்கு இழுத்தால் இங்கே சொட்டுகிறது, அந்த மூலைக்கு இழுத்தால் அங்கே சொட்டுகிறது. அடுப்பும் அணைந்துபோகிறது. மழைக்கு ஒதுங்கிய புலி ஒன்று சுவரோரம் நிற்கிறது. உள்ளே கிழவி புலம்புவது அதன் காதில் விழுகிறது:

புலிக்கும் பயமில்லே, கிலிக்கும் பயமில்லே,
சொட்டுச்சொட்டு வந்தா சோறுந்தண்ணி இல்லே!

புலி யோசிக்கிறது. "நான்தான் புலி. கிலி யாரு? அந்தச் சொட்டுச்சொட்டு யாரு? நம்மளவிடப் பெரிய ஆளா இருக்கும்போலயே!" அந்த நேரம், காப்பி மூட்டை சுமக்கும் கழுதையைத் தொலைத்த ஒருவன் கும்மிருட்டில் தேடிக்கொண்டு வருகிறான். புலியின் காதைப் பிடித்து, "இங்கயா நிக்கிற?" என்று இரண்டு வைத்து, முதுகில் ஏறி உட்காருகிறான். சொட்டுச்சொட்டு வந்துவிட்டது என்று நினைத்துப் புலி அவனைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. வீட்டு முளையில் கட்டிப்போடுகிறான். விடிவதற்குள் புலி கயிற்றைக் கடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறது. மழையும் ஓய்கிறது. (சேர்வராயன் மலையில் இன்றைக்குக் கண்ணில் படுவது காட்டெருமைதான். பாட்டி கதையில் அதற்கு வேலை இல்லை.)

முதல் வரைவில் கவனித்தது

மகளின் வரைவில் பொருள் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆங்கிலமும் நல்ல ஆங்கிலம். கிழவியின் புலம்பல் அதில் இப்படி இருந்தது: "ஐ ஆம் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் தி டைகர். ஐ ஆம் ஒன்லி அஃப்ரெய்ட் ஆஃப் தி லீக்கிங் ரூஃப்." இதைக் கேட்ட குழந்தை, புலிக்குக் கூரை என்றால் என்னவென்று தெரியாதா என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. கூரை ஒழுகுகிறது என்று கிழவியே சொல்லிவிட்டால் புலி ஏமாற வழியே இல்லை. கதை அங்கேயே படுத்துவிடுகிறது.

இந்தக் கதையில் ஒலிச்சொல் ஒப்பனைக்கு வரவில்லை. ஒரு ஒலியைப் புலி ஓர் ஆளின் பெயராக எடுத்துக்கொள்வதுதான் கதையே. அதனால் அந்த ஒரு சொல் மூன்று வேலை செய்தாக வேண்டும்: தண்ணீர் விழும் ஓசையாக இருக்க வேண்டும், கிழவியின் வாயில் இயல்பான புலம்பலாக இருக்க வேண்டும், புலியின் காதில் பூதத்தின் பெயராகவும் விழ வேண்டும். 1868-இல் மேரி ஃப்ரீர் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் இதே கதையின் ஒரு வடிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே புலி பயப்படுவது "பெர்பெச்சுவல் டிரிப்பிங்" என்பதற்கு. ஓயாத ஒழுகல் என்ற பொருள் வந்துவிட்டது, பெயர் மாதிரியும் இருக்கிறது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை சேர்ந்து சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டியின் பதிவில் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ஒலிச்சொல் இருந்தது. வரைவில் அவையெல்லாம் "ஹெவிலி", "குயிக்லி", "சடன்லி" ஆகிவிட்டன. தடதடவென்று பெய்த மழை ரொம்பப் பெய்த மழையாகிவிட்டது.

பெயரைத் தேடியது

முதலில் எடுத்தது "சொட்டுச்சொட்டு" என்பதைத்தான். பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே உண்மையாகவே உதவியது. சலசல, கடகட போன்றவை இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. சொட்டு அப்படியில்லை, தனியாக நின்றாலும் அது ஒரு துளி. கிழவி சொல்வது வெறும் ஓசையில்லை, பொருளுள்ள சொல்லின் அடுக்கு. அதனால்தான் நம் காதுக்கு ஒழுகலாகவும் புலியின் காதுக்குப் பெயராகவும் ஒரே நேரத்தில் கேட்கிறது. ஆங்கிலத்திலும் பிரித்தால் பொருள் நிற்கும் சொல் வேண்டும். மழைக்கு எல்லோரும் முதலில் நீட்டும் "பிட்டர்-பேட்டர்" இந்தக் காரணத்தால் விழுந்துவிட்டது. தவிர, அது கூரைக்கு மேலே கேட்கும் சத்தம், உள்ளே பாய்மேல் விழும் துளி இல்லை.

"டிரிப்", "டிராப்" இரண்டுமே சொட்டுதான். வரிசையும் முக்கியம். ஆங்கிலத்தில் இப்படி இரட்டிக்கும்போது இகரம் முன்னால் வரும், அகரமோ ஒகரமோ பின்னால் வரும். டிக்-டாக், டிங்-டாங், ஜிக்-ஜாக் எல்லாமே அப்படித்தான். மாற்றி "டிராப்-டிரிப்" என்று சொன்னால் அந்த மொழியில் பிறந்த குழந்தைக்குக் காது உறுத்தும். தமிழ் அதே சொல்லையே திரும்பச் சொல்லிவிடும். இங்கே உயிரெழுத்தை மாற்றியாக வேண்டியிருந்தது.

டிரிப்-டிராப், ப்ளிப்-ப்ளாப், டிரிப்பட்டி-டிராப் என்று மூன்றைப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதுதான் வேண்டியிருந்தது, பொருள் குறுக்கே வராமல் காது மட்டும் தீர்ப்புச் சொல்லும். முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டே கேட்டவர், மூன்றாவதுக்குக் கையை நிறுத்தினார். "இதுதாங் கண்ணு. மொதல் ரெண்டும் நின்ன எடத்துலயே விழுகுது. இது நடந்து வருதில்ல!" நடுவில் வரும் அந்தக் குட்டி அசை காலடிச் சத்தம்போல இருக்கிறது என்பதை நான் அதற்கப்புறம்தான் கவனித்தேன். பெயர் முடிவானது.

பல்லவியைக் கட்டியது

அடுத்தது "புலிக்கும் கிலிக்கும்". நாம் காபி கீபி என்பதுபோல எதற்கும் கிகரத்தை மாட்டிவிடுவோம். இங்கே அதில் அலட்சியமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான வழக்கம் ஒன்று உண்டு: சொல்லின் தலையில் "ஷ்ம்" வைத்துத் திரும்பச் சொல்வது. இத்திஷ் மொழி பேசிய யூதர்களிடமிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்தது. டைகர்-ஷ்மைகர் என்றால் புலியாவது கிலியாவது என்ற தொனி அப்படியே வருகிறது. "நான்தான் டைகர், ஷ்மைகர் யாரு?" என்று புலி குழம்புவதும் கைகூடுகிறது. போனது ஒன்று உண்டு. தமிழில் கிலி என்றால் பயம். பயத்துக்கும் பயமில்லை என்று கிழவி தெரியாமலே சொல்லிவிடுகிறாள். அதற்கு ஆங்கிலத்தில் வழி கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம்.

சிக்கல் எதிர்பாராத இடத்தில் வந்தது. "சொட்டுச்சொட்டு வந்தா" என்பதில் வருவது ஆளா பொருளா என்று தெரியாது. தமிழில் இந்த எச்ச வினை ஆண், பெண், அஃறிணை எதையும் காட்டாது. முழு வினையாக "வந்தான்" என்றோ "வந்தது" என்றோ போட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆங்கிலத்தில் அடுத்த வாக்கியத்திலேயே "ஹீ" அல்லது "இட்" வந்து நின்றுவிடும். "இட்" என்றால் புலி பயப்படாது. "ஹீ" என்றால் கிழவி பொய் சொன்னதாக ஆகிவிடும். அதனால் பல்லவியில் மட்டுமல்ல, புலி அகப்படும் பக்கம் வரைக்கும் அந்தப் பெயருக்குப் பிரதிப்பெயரே வரக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். பெயரையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. ராத்திரிக் கதைக்கு அது நல்லதுதான்.

கடைசியில் நின்ற பல்லவி இது:

டைகர், ஷ்மைகர், லெட் தெம் பீ!
டிரிப்பட்டி-டிராப் இஸ் ஆஃப்டர் மீ!

புலியும் கிலியும் கிடக்கட்டும், டிரிப்பட்டி-டிராப் என்னைத் துரத்துகிறது என்று பொருள். பாயை எங்கே இழுத்தாலும் சொட்டு அங்கே வருவதால் கிழவி சொல்வது உண்மை. புலிக்கு அது வேட்டையாடும் பூதம். வரிக்கு நான்கு அழுத்தம், முடிவில் பீ-மீ என்று இயைபு. தமிழில் சொட்டு-சோறு என்று மோனை முதலில் நின்று கட்டியிருந்தது, கடைசியில் இல்லே-இல்லே. ஆங்கிலக் குழந்தையின் காது வரிக்கடைசியில்தான் காத்திருக்கும், அதனால் மோனைக்காக மெனக்கெடவில்லை. சோறும் தண்ணியும் பல்லவியிலிருந்து இறங்கி, அடுப்பு அணையும் வாக்கியத்துக்குப் போய்விட்டன.

மற்ற ஒலிச்சொற்கள்

பாட்டி சொன்ன எல்லா ஒலிச்சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒன்று தேடினால் பக்கம் படக்கதைச் சண்டைக் காட்சி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு பக்கத்தை அப்படிச் செய்து பார்த்தோம், வாய் வலித்தது. தமிழில் ஒலிச்சொல் "என்று" பிடித்துக்கொண்டு வினைக்கு முன்னால் அடங்கி உட்காரும்: தடதடவென்று பெய்தது, சலசலவென்று ஓடியது. ஆங்கிலத்தில் அந்த ஓசை பெரும்பாலும் வினைக்குள்ளேயே இருக்கிறது. ராட்டில், பேட்டர், ரசில், ட்ரிக்கில் எல்லாம் வினைகள். ஆகவே "தடதடவென்று பெய்தது" என்பதில் தடதடவைத் தனியாகத் தேடாமல், பெய்தது என்பதைத் தூக்கிவிட்டு, மழை தகரத்தின்மேல் "ராட்டில்" ஆனது என்று எழுதினோம். இப்படி முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

வெளிப்படையாக இரட்டிக்கும் சொல்லைச் சில இடங்களில் மட்டும் வைத்துக்கொண்டோம். ஒன்று பெயர். இன்னொன்று புலிமேல் சவாரி. பாட்டி அதற்குத் திடுதிடு என்பார். "பம்பட்டி-பம்ப்" என்று ஆங்கிலத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல் கிடைத்தது. டிரிப்பட்டியின் அச்சிலேயே வார்த்ததுபோல இருந்ததால், புலியின் தலைக்குள் இன்னும் டிரிப்பட்டி-டிராப்தான் சவாரி செய்கிறது என்பது சொல்லாமலே வந்துவிட்டது.

மூன்றாவது "திருதிரு". கட்டுண்ட புலி திருதிருவென்று முழிக்கிறது. இதில் ஓசையே கிடையாது. இது ஒரு முழி. பளபள, வழவழ, வெலவெல போலக் கண்ணுக்கும் தோலுக்கும் உள்ள சொற்களில் தமிழ் தாராளம், ஆங்கிலத்தில் அவை குறைவு. "பிளிங்க்" என்று போட்டால் இமைப்பது வருகிறது, அகப்பட்டவனின் முழி வரவில்லை. "அதை அப்படியே விட்டுருங்கக்கா, முகத்துல காட்டிக்கிறேன்" என்றார் மகள். விட்டோம்.

தூங்கவைக்கும் முடிவு

பாட்டி சொல்லும்போது கதை வல்லெழுத்தில் தொடங்கி மெல்ல இறங்கும். தடதட, படபட எல்லாம் முதல் பாதியில். புலி காட்டுக்குள் போனபின் குரல் தாழ்ந்து, "மழையும் தூங்கிருச்சு... சொட்டு... சொட்டு..." என்று ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகும். சொட்டு உகரத்தில் முடிவதால் அதை இழுக்கலாம், "சொட்டூ" என்று கொட்டாவி மாதிரி. டிரிப், டிராப் இரண்டிலும் உதடு மூடிக்கொள்கிறது. இழுக்க முடியாது. அதனால் சொல்லை விட்டுவிட்டு இடைவெளியை நீட்டினோம். கடைசி மூன்று பக்கங்களில் பக்கத்துக்கு ஒரே சொல், மற்றதெல்லாம் வெற்றிடம். பக்கம் திருப்பும் நேரம்தான் இடைவெளி.

கேட்பவர் "ம்" கொட்டுவதையும் விட மனம் வரவில்லை. ஊம் கொட்டுவது நின்றால் குழந்தை தூங்கிவிட்டது என்று அர்த்தம், கதை சொல்பவருக்கு அதுதான் அளவுகோல். பல்லவி வரும் பக்கங்களின் அடியில் சிறிய எழுத்தில் "ம்ம்?" என்று அச்சடித்தோம்.

என்ன நடந்தது

அம்மா படித்த இரவுகளில் எல்லாம் நன்றாகவே போனது. இரண்டாம் முறையிலேயே குழந்தை பல்லவியைச் சேர்ந்து சொன்னாள். ஷ்மைகர் யார் என்று கேட்கும் இடத்தில் சிரித்தாள். வெற்றி என்று எடுத்துக்கொண்டிருப்போம். ஆனால் அம்மாவுக்குப் பாட்டியின் மெட்டு தெரியும். எழுத்தில் இல்லாததையும் அவர் குரல் நிரப்பிவிடும். அதனால், பதிவையே கேட்காத அப்பாவைப் படிக்கச் சொல்லி, அதை ஒலிப்பதிவு செய்து அனுப்பக் கேட்டேன்.

அதில்தான் உண்மை நிலவரம் தெரிந்தது. பல்லவி பிழைத்துக்கொண்டது. அழுத்தம் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது, யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பம்பட்டி-பம்ப் அவருக்கு அல்வா. ஆனால் ஆங்கில எழுத்தில் இருந்த திருதிருவை "தைரூ-தைரூ" என்று வாசித்தார். குழந்தை உடனே திருத்தினாள் என்றாலும் கதை அறுந்தது. "ம்ம்?" என்பதை அச்சுப் பிழை என்று நினைத்துத் தாண்டிவிட்டார். கடைசி மூன்று பக்கங்களை அவர் படக் படக்கென்று திருப்ப, குழந்தை எழுந்து உட்கார்ந்து இன்னொரு தரம் கேட்டாள்.

இதன்பின் மூன்று மாற்றங்கள் செய்தோம். திருதிருவின் எழுத்துக்கூட்டலில் இகரத்துக்கு இரண்டு ஈ, உகரத்துக்கு இரண்டு ஓ வைத்தோம். "தீரூதீரூ" என்று கொஞ்சம் நீண்டாலும் தைரூவைவிட மேல். "ம்ம்?" வரும் இடத்தில், கேட்பவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவும் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தோம். கடைசிப் பக்கங்களில் வெற்றிடத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு மெதுவான வாக்கியம் வைத்தோம். கிழவி பாயை விரிக்கிறாள், டிரிப். பனி மலையிறங்குகிறது, டிராப். வாக்கியங்களில் நீண்ட உயிர்களும் லகர மகர ஒலிகளும் அதிகம் வரும்படி பார்த்துக்கொண்டோம். அந்த வாக்கியங்கள் பாட்டியின் பதிவில் இல்லாதவை. அவரிடம் கேட்டுத்தான் சேர்த்தோம். "பனி எறங்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மாற்றிய பிரதியை அப்பா படித்தபோது அவர் குரல் தானாகவே தாழ்ந்தது. முதல் "டிரிப்" வரும் முன்பே ஊம் நின்றுவிட்ட இரவுகளும் உண்டு, எல்லா இரவும் அப்படி இல்லை.

அடுத்த கதையில் மாற்றுவது

பதிவை வேறு விதமாக எடுக்க வேண்டும். பாட்டி பகல் நேரத்தில் ஒரு கைப்பேசிக்குக் கதை சொன்னார். எதிரே குழந்தை இல்லாததால் இடைவெளிகள் குறைந்திருந்தன, முடிவில் குரல் தாழ்ந்தது பாதிதான். மீதியை மகளின் நினைவிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை யாரையாவது மடியில் போட்டு, ராத்திரியில் சொல்லவைத்து எடுத்தால் இடைவெளியைக் கடிகாரம் வைத்தே அளந்துவிடலாம்.

மெட்டு தெரியாத ஒருவரைப் படிக்கவைக்கும் சோதனையைப் பல்லவி முடிவானவுடனே, படம் வரைவதற்கு முன்பே செய்ய வேண்டும். இங்கே படங்கள் முடிந்தபின் வாக்கியம் சேர்த்ததால் கடைசி மூன்று பக்கங்களைத் திரும்ப வரைய நேர்ந்தது.

கிலிக்கு இன்னும் வழி தெரியவில்லை. இப்போது மகள் தமிழ்ப் பல்லவியையும் அட்டையின் உட்புறத்தில் ஆங்கில எழுத்தில் அச்சடித்திருக்கிறார். குழந்தை கேட்டால் கிலி என்றால் என்னவென்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. இதுவரை அவள் கேட்கவில்லை.